தண்ணீர் கேன் கடையில் என் முதல் யு.எக்ஸ். திட்டம்

திருவல்லிக்கேணியில் ஓர் அச்சகத்தின் மாடியில் ஏழு ஆண்டுகள் பக்க வடிவமைப்பாளராக இருந்தேன். கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக அழைப்பிதழ், கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி, நகைக்கடைக் காலண்டர் என்று எது வந்தாலும் செய்வோம். அங்கிருந்து பயனர் அனுபவ வடிவமைப்புக்கு, அதாவது எல்லோரும் யு.எக்ஸ். என்று சொல்லும் துறைக்கு மாற வேண்டும் என்று முடிவு செய்தபோது, எழுத்தின் அளவு, இடைவெளி, நிறம், பக்கத்தில் கண் முதலில் எங்கே போய் விழும் என்கிற கணக்கு ஆகியவை மட்டுமே எனக்குத் தெரியும். திரைகளை வரையப் பயன்படும் ஃபிக்மா என்ற மென்பொருளை மூன்று வாரத்தில் பழகிக்கொண்டேன். பழகிய கையோடு, ரயில் டிக்கெட் எடுக்கும் செயலி ஒன்றின் திரைகளை என் ரசனைக்கு மாற்றி வரைந்து, அதை முதல் திட்டம் என்று போர்ட்ஃபோலியோவில், அதாவது வேலை கேட்டுப் போகும்போது காட்டும் தொகுப்பில், வைத்தேன். இந்தத் துறைக்குள் வர நினைக்கும் பலரும் இதைத்தான் செய்கிறார்கள் என்பது பிறகு தெரிந்தது.

கிண்டியில் ஒரு நேர்காணலில், அந்தத் திரைகளைப் பார்த்த அம்மையார் மூன்று கேள்விகள் கேட்டார். இதை யாரிடம் கொடுத்துப் பயன்படுத்தச் சொன்னீர்கள் என்பது முதல் கேள்வி. யாரிடமும் கொடுக்கவில்லை. காத்திருப்போர் பட்டியலில் இருக்கும் பயணிக்கு இந்தத் திரை எப்படி இருக்கும் என்பது இரண்டாவது. நான் இருக்கை உறுதியான பயணிக்கு மட்டுமே வரைந்திருந்தேன். பழைய திரையில் இருந்த ஒதுக்கீட்டுப் பெட்டியை ஏன் எடுத்துவிட்டீர்கள் என்பது மூன்றாவது. இடம் போதவில்லை என்று பதில் சொல்லும்போது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. தட்கலில் எடுப்பவருக்கும் மூத்த குடிமக்கள் ஒதுக்கீட்டில் எடுப்பவருக்கும் அந்தப் பெட்டி இல்லாவிட்டால் டிக்கெட்டே இல்லை.

பெரிய நிறுவனத்தின் செயலியைத் திருத்தி வரைவதில் உள்ள சிக்கலை அன்றைக்குத்தான் புரிந்துகொண்டேன். அந்தத் திரை ஏன் அப்படி இருக்கிறது என்பதற்கான காரணங்கள் நமக்குத் தெரியாது. நாம் மாற்றியது சரியா தவறா என்று சொல்லக்கூடிய ஆளும் நம் பக்கத்தில் இல்லை. ஆகவே வரைந்ததெல்லாம் சரியென்றே தோன்றும்.

ஆதம்பாக்கத்தில் எங்கள் குடியிருப்பிலேயே ஒரு பொறியாளர் நண்பர் இருந்தார். சோழிங்கநல்லூரில் ஐந்து ஆண்டுகளாக மென்பொருளின் பின்புற வேலை, அதாவது தரவுத்தளம், சர்வர் போன்றவற்றைப் பார்த்து வந்தவர், அவரும் இந்தத் துறைக்கு வர விரும்பினார். இருவரும் சேர்ந்து ஒரே திட்டத்தைச் செய்வது என்று முடிவு செய்து ஒரு நிபந்தனை வைத்துக்கொண்டோம்: பிரச்சினை நடந்து போகும் தூரத்தில் இருக்க வேண்டும், அதில் சம்பந்தப்பட்டவர்களின் பக்கத்தில் போய் உட்கார முடிய வேண்டும். தெருமுனையில் 20 லிட்டர் தண்ணீர் கேன் போடும் அண்ணாச்சி கடை இருந்தது. காலையில் அந்தக் கடையைத் தாண்டிப் போகும் எவருக்கும் அங்கே ஏதோ சரியில்லை என்று தெரியும். அண்ணாச்சி இரண்டு காதிலும் இரண்டு போன்களை வைத்துக்கொண்டு, தோளால் ஒன்றைத் தாங்கியபடி நோட்டில் எழுதிக்கொண்டிருப்பார்.

கடைக்குப் போவதற்கு முன்பே, ஒரு விளையாட்டாக, இருவரும் தனித்தனியே ஒரு தீர்வை வரைந்து பார்த்தோம். இதைச் செய்தது நல்லதாகப் போயிற்று, ஏனென்றால் இருவரின் குறைகளும் அந்தத் தாள்களில் அப்படியே பதிவாகிவிட்டன. என் தாளில் நீல நிறத்தில் நீர்த்துளியும், பெரிய எழுத்தில் வரவேற்பும், கேனின் அழகான படமும், கீழே ஆர்டர் பொத்தானும் இருந்தன. அது ஒரு சுவரொட்டி. சுவரொட்டிக்கு ஒரே ஒரு கணம்தான் உண்டு. ஆர்டர் கொடுத்த பிறகு என்ன ஆகும், கேன் தீர்ந்துவிட்டால் திரையில் என்ன வரும், வீடு பூட்டியிருந்தால் யாருக்கு எப்படித் தெரியும் என்பவற்றில் ஒன்றுகூட என் தாளில் இல்லை. நண்பரின் தாளில் அவை எல்லாம் இருந்தன. நெட்வொர்க் இல்லாத நிலை, பணம் பாதியில் நின்றுபோன நிலை, ஒரே ஆர்டர் இரண்டு முறை பதிவான நிலை என்று பதினொரு நிலைகளைப் பட்டியலிட்டிருந்தார். ஆனால் அவருடைய முதல் திரையே ஒரு நீண்ட படிவம்: கதவு எண், மாடி, தெரு, பகுதி, பின்கோடு, கைபேசி எண், மாற்று எண், கேன்களின் எண்ணிக்கை, நேரம். தரவுத்தள அட்டவணையின் ஒவ்வொரு நெடுவரிசைக்கும் திரையில் ஒரு பெட்டி இருந்தது. எண்ணிக்கைப் பெட்டியில் முன்கூட்டியே 0 என்று போட்டிருந்தார், ஏனென்றால் எண்கள் பூஜ்யத்தில் தொடங்குவது அவருக்கு வழக்கம். பூஜ்யம் கேன் வேண்டும் என்று யார் கேட்பார்கள்?

அச்சிலிருந்து வருபவர் ஒரு கணத்தை வரைவதும், பொறியியலிலிருந்து வருபவர் தரவின் அமைப்பையே திரையாக வரைவதும் எங்கள் இருவருக்கு மட்டும் உரிய குறைகள் அல்ல என்பதைப் பிறகு பலருடைய முதல் திட்டங்களைப் பார்த்தபோது உணர்ந்தேன். இரண்டு தாள்களுக்கும் பொதுவான ஒரு தவறும் இருந்தது. ஆர்டர் கொடுப்பதுதான் பிரச்சினை என்று இருவரும் வைத்துக்கொண்டிருந்தோம்.

அண்ணாச்சியிடம் அனுமதி கேட்டு, இரண்டு காலை வேளைகள், 6.30 முதல் 9.30 வரை, கடையின் ஓரத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தோம். வரும் ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு கோடு போட்டு, அண்ணாச்சி பேசுவதிலிருந்து அது எதற்கான அழைப்பு என்று குறித்துக்கொண்டோம். இரண்டு நாளும் சேர்த்து 74 அழைப்புகள் வந்தன. அவற்றில் 31 மட்டுமே புதிய ஆர்டர்கள். 34 அழைப்புகள் ஏற்கெனவே ஆர்டர் கொடுத்தவர்கள் "இன்னும் வரலையே, எப்ப வரும்?" என்று கேட்டவை. மீதி ஒன்பதும் பாக்கி, காலி கேன் கணக்கு, தண்ணீரில் வாடை என்று பலவகை. ஆர்டர் அழைப்பு ஒவ்வொன்றும் 15 விநாடிக்குள் முடிந்துவிடுகிறது. "மூணாவது தெரு, பச்சை கேட், ரெண்டு" என்றால் போதும். எப்ப வரும் என்கிற அழைப்புதான் நீளமானது. அதற்குப் பதில் சொல்ல அண்ணாச்சி வண்டி ஓட்டும் தம்பிக்கு போன் செய்ய வேண்டும். தோளில் கேனோடு மாடிப்படியில் இருக்கும் அந்தத் தம்பி எடுக்க மாட்டார். அண்ணாச்சி தோராயமாக "பத்து நிமிஷம்" என்று சொல்லிவிடுவார். பத்து நிமிடம் கழித்து அதே வீட்டிலிருந்து மறுபடியும் அழைப்பு வரும்.

ஆர்டர் கொடுப்பதற்கு ஒரு செயலி செய்திருந்தால், 15 விநாடியில் முடியும் வேலைக்குப் பதிவிறக்கம், ஓ.டி.பி., முகவரிப் படிவம் எல்லாம் சேர்ந்திருக்கும். நீளமான அழைப்புகளில் ஒன்றுகூடக் குறைந்திருக்காது.

யூசர் எக்ஸ்பீரியன்ஸ் என்ற சொல்லைப் பரவலாக்கியவர் டொனால்ட் நார்மன். 1993இல் ஆப்பிள் நிறுவனத்தில் சேர்ந்தபோது அந்தச் சொல்லைத் தன் பதவியின் பெயரிலேயே வைத்துக்கொண்டார். திரையையும் அதை இயக்கும் வசதியையும் மட்டும் குறிக்கும் சொற்கள் போதவில்லை, ஒரு பொருளோடு மனிதருக்கு ஏற்படும் தொடர்பு முழுவதையும் குறிக்கும் சொல் வேண்டும் என்பது அவர் சொன்ன காரணம். தண்ணீர் கேன் விஷயத்தில் அந்தத் தொடர்பு, சமையலறையில் கேனைச் சாய்த்துக் கடைசித் தம்ளரைப் பிடிக்கும்போது தொடங்குகிறது. காலி கேனை வாசலில் வைப்பதோடு முடிகிறது. இதில் திரைக்கு உள்ள பங்கு மிகச் சிறியது.

அடுத்து வாடிக்கையாளர்களோடு பேச வேண்டியிருந்தது. முதல் இரண்டு பேட்டிகளையும் நான் கெடுத்துவிட்டேன். "வண்டி எங்கே வருகிறது என்று போனிலேயே தெரிந்தால் உங்களுக்கு வசதியாக இருக்குமா?" என்று கேட்டேன். இருவரும் ரொம்ப வசதியாக இருக்கும் என்றார்கள். ஒருவர் காபியும் கொடுத்தார். நம் ஊரில் வீட்டுக்கு வந்த பிள்ளை ஆசையாக ஒன்றைக் காட்டும்போது வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்பவர்கள் குறைவு. ஆகவே எதிர்காலத்தைப் பற்றி, அதுவும் நம் யோசனையைப் பற்றிக் கேட்டால் கிடைப்பது மரியாதை மட்டும்தான். நண்பர் கேள்வியை மாற்றினார்: "கடைசியாக எப்போது வீட்டில் தண்ணீர் தீர்ந்தது? அன்றைக்கு என்ன செய்தீர்கள்?" நடந்துபோன ஒரு குறிப்பிட்ட நாளைப் பற்றிக் கேட்டவுடன் பதில்கள் மாறின. ஒரு பாட்டி, கேன் வரும் என்று காத்திருந்து பெருமாள் கோயிலுக்குப் போகவே இல்லை என்றார். வேலைக்குப் போகும் ஓர் அக்கா, 8.40க்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பியாக வேண்டும் என்பதால் 8 மணியிலிருந்து மூன்று முறை போன் செய்ததாகச் சொன்னார். வண்டி வரைபடத்தில் எந்தப் புள்ளியில் இருக்கிறது என்பது இருவருக்கும் தேவையே இல்லை. கதவைத் திறக்க வேண்டிய நேரம் நெருங்கிவிட்டதா என்பது மட்டும்தான் அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

இதற்குப் பிறகு வாடிக்கையாளருக்கான திரையையே நாங்கள் கைவிட்டோம். ஆர்டர் பழையபடி போனிலோ வாட்ஸாப்பிலோ வரட்டும். வாடிக்கையாளருக்கு நாங்கள் வடிவமைப்பது இரண்டே செய்திகள், வண்டிக்காரருக்கு மட்டும் ஒரு திரை. இத்தனை நாள் பழகிய ஃபிக்மாவில் பாதி வேலை குறுஞ்செய்தி எழுதுவதாகச் சுருங்கிவிட்டதே என்று எனக்குக் கொஞ்சம் வருத்தமாகவே இருந்தது. ஆனால் அந்தச் செய்திகள்தான் எங்களை அதிகமாகத் திருத்தி எழுத வைத்தன.

செய்திகளைத் தாளில் எழுதி, ஒவ்வொன்றாகக் காட்டிச் சோதித்தோம். இந்தப் பயன்பாட்டுச் சோதனைக்கு ஐந்து வாடிக்கையாளர்களை அழைத்தோம். ஐந்து என்ற எண்ணுக்கு ஒரு பின்னணி உண்டு. ஜேக்கப் நீல்சனும் தாமஸ் லாண்டவரும் 1993இல் வெளியிட்ட ஆய்வின்படி, அவர்கள் பார்த்த திட்டங்களில் ஒரு பயனர் சராசரியாக 31 சதவீதப் பிரச்சினைகளை வெளிப்படுத்தினார். அந்தக் கணக்கில் ஐந்து பேரிடம் சோதித்தால் சுமார் 85 சதவீதம் வெளிவந்துவிடும். இதைத் தொடக்கக்காரர்கள் இரண்டு விதமாகத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். முதலாவது, இது ஒரே வகையான பயனர்களுக்கான கணக்கு. வாடிக்கையாளர் ஐந்து பேரைச் சோதித்துவிட்டு வண்டிக்காரரின் திரையைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. இரண்டாவது, ஐந்து பேரைக் கொண்டு பிரச்சினைகளைக் கண்டுபிடிக்கலாம், ஆனால் அளக்க முடியாது. ஐந்தில் நான்கு பேர் சரியாகப் புரிந்துகொண்டார்கள் என்பதை 80 சதவீத வெற்றி என்று போர்ட்ஃபோலியோவில் எழுதினால், விஷயம் தெரிந்தவர்கள் அந்த இடத்திலேயே படிப்பதை நிறுத்திவிடுவார்கள்.

சோதனையில் நண்பர் பேசினார், நான் எழுதினேன். "நாளைக் காலைக்கு இரண்டு கேன் சொல்லியிருக்கிறீர்கள். காலை 7.30க்கு இந்தச் செய்தி வருகிறது. இப்போது என்ன செய்வீர்கள்?" என்று கேட்டுவிட்டு அவர் பேசாமல் இருந்துவிடுவார். அந்த மௌனத்தைப் பழகுவதற்கு அவருக்கே இரண்டு சோதனைகள் பிடித்தன. எதிரில் இருப்பவர் தடுமாறும்போது உதவிக்கு வாய் வந்துவிடும். உதவினால் அந்தத் தடுமாற்றம் நமக்கு எதையும் கற்றுத்தராமல் போய்விடும்.

முதல் செய்தியை "உங்கள் ஆர்டர் டெலிவரிக்குப் புறப்பட்டது" என்று எழுதியிருந்தோம். எந்தச் செயலியிலும் வரக்கூடிய வாக்கியம்தான். ஐந்து பேரில் நால்வர் அதைப் படித்ததும் எழுந்துபோய் கேட்டைத் திறந்து வைப்பேன் என்றார்கள். வண்டி 7.30க்குக் கடையிலிருந்து கிளம்பினால் நான்காவது தெருவுக்கு வர ஒன்பதாகிவிடும். எங்கள் செய்தி கடைக்காரரின் பக்கத்திலிருந்து பார்த்தால் உண்மை. படிப்பவருக்கோ அது பொய்யான அவசரம். அந்தச் செய்தியை எடுத்துவிட்டு, வண்டி தெருவுக்குள் நுழையும்போது மட்டும் போகும்படி "வண்டி உங்கள் தெருவுக்கு வந்துவிட்டது. காலி கேனை வெளியே வையுங்கள்" என்று மாற்றினோம். இரண்டாவது செய்தி, வீடு பூட்டியிருந்தால் போவது. நண்பர் அதற்கு "டெலிவரி தோல்வியடைந்தது" என்று எழுதியிருந்தார். அவருடைய நிரலில் அந்த நிலைக்கு அதுதான் பெயர். படித்த ஓர் அம்மா, "நான் என்ன தப்பு செஞ்சேன் தம்பி?" என்றார். அது "வீடு பூட்டியிருந்தது. மாலை 5 மணிக்கு மேல் மீண்டும் வருவோம். வேண்டாம் என்றால் 0 என்று அனுப்புங்கள்" என்றாயிற்று. நடந்தது, நடக்கப்போவது, செய்யக்கூடியது என்று மூன்றும் மூன்று சிறு வாக்கியங்களில் வந்துவிட்டன.

வண்டிக்காரரின் திரையில் என் அச்சுப் பழக்கங்கள் ஒவ்வொன்றாக அடி வாங்கின. வீட்டின் பெயரைக் கருப்பிலும், கீழே முகவரியை `#999999` என்ற சாம்பல் நிறத்திலும் போட்டிருந்தேன். தாளில் இது கண்ணியமாக இருக்கும். காலை எட்டரை வெயிலில், கீறல் விழுந்த கண்ணாடியுள்ள போனில், அந்த முகவரி இருப்பதே தெரியவில்லை. வெள்ளைப் பின்னணியில் அந்தச் சாம்பலின் மாறுபாட்டு விகிதம் 2.85:1தான்; சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5:1 வேண்டும் என்பது டபிள்யூ.சி.ஏ.ஜி. என்னும் அணுகல்தன்மை வழிகாட்டியின் விதி. `#767676` என்ற இன்னும் அடர்ந்த சாம்பல் அந்த எல்லையைச் சற்றே தாண்டுகிறது. நான் பேசாமல் கருப்பையே போட்டுவிட்டேன். வெயிலில் நிற்பவருக்கு விதியின் விளிம்பு போதாது.

வரியின் உயரமும் அப்படித்தான். ஆங்கில எழுத்தை மனத்தில் வைத்து ஃபிக்மாவில் வைத்த இடைவெளியில், மேல் வரியின் 'கு', 'மு' ஆகியவற்றின் கீழ்ப்பகுதி அடுத்த வரியின் 'கி', 'வீ' ஆகியவற்றின் கொக்கியோடு போய் மோதியது. எழுத்தளவைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேல் வரி உயரம் வைத்த பிறகே படிக்க முடிந்தது. அச்சுத் துறையிலிருந்து வரும் தமிழர்களுக்கு இன்னொரு பொறியும் உண்டு. எங்கள் அச்சகத்தில் இன்னும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில்தான் தட்டச்சு செய்வோம். கடையின் பெயரையும் தெருப் பெயர்களையும் பழைய கோப்பிலிருந்து எடுத்து ஒட்டினேன். என் கணினியில் தமிழாகத் தெரிந்தது, அந்த எழுத்துரு இல்லாத நண்பரின் போனில் ஆங்கில எழுத்துக் குப்பையாக வந்தது. யூனிகோடில் எல்லாவற்றையும் மறுபடி அடித்தேன்.

முகவரி விஷயத்தில் நண்பரின் முறை தோற்றது. சென்னையில் பல வீடுகளுக்குப் பழைய எண், புதிய எண் என்று இரண்டு கதவு எண்கள் உண்டு. ஒரு வாசலில் பழைய எண் மட்டும் இருக்கும், பக்கத்து வாசலில் புதியது மட்டும் இருக்கும், ஒருவரின் பழைய எண்ணே நான்கு வீடு தள்ளி இன்னொருவரின் புதிய எண்ணாக இருக்கும். கதவு எண் என்று ஒரே பெட்டி வைத்து, எண்வரிசையில் பட்டியலை அடுக்கினால், வண்டி தெருவில் முன்னும் பின்னும் அலையும். வண்டி ஓட்டும் தம்பியோடு ஒரு நாள் முழுக்கச் சுற்றியபோதுதான் அவர் எந்த எண்ணையும் பார்ப்பதில்லை என்று தெரிந்தது. பச்சை கேட், பிள்ளையார் கோயில் எதிர்ச்சந்து, மாடியில் நாய் இருக்கும் வீடு என்பவைதான் அவருடைய முகவரிகள். அவற்றையே பெரிய எழுத்தில் முதல் வரியாக வைத்தோம். எத்தனையாவது மாடி, எத்தனை கேன் என்பவை அடுத்த வரியில். கதவு எண் கடைசியில். பட்டியலை அவர் வழக்கமாகச் சுற்றும் வரிசையிலேயே அடுக்கினோம்.

பொத்தானின் அளவைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஆண்ட்ராய்டு வழிகாட்டி தொடுபகுதிக்குக் குறைந்தது 48 டி.பி., அதாவது ஏறத்தாழ 9 மில்லிமீட்டர், வேண்டும் என்கிறது. ஒரு கையில் கேனும் மறு கையின் ஈரக் கட்டைவிரலும் என்றிருப்பவருக்கு நாங்கள் அதைப்போல் இரு மடங்கு கொடுத்தோம்.

தானியங்கிச் செய்தி அனுப்பும் நிரலை உடனே எழுத நண்பரின் கை துடித்தது. அதைத் தள்ளிவைத்து, முதல் வாரம் ஒரு பொம்மலாட்டம் நடத்தினோம். வண்டிக்காரரிடம் நண்பர் எழுதிய எளிய வலைப்பக்கம் இருந்தது. அதில் அவர் அழுத்துவது நண்பருக்குத் தெரியும். கடையில் உட்கார்ந்திருந்த நண்பர், அந்தத் தெருவில் ஆர்டர் கொடுத்தவர்களுக்குக் கடையின் வாட்ஸாப்பிலிருந்து கையாலேயே செய்தி அனுப்பினார். வாடிக்கையாளருக்கு இயந்திரம் அனுப்பியதாகவே தோன்றும். எழுதிய பிறகு தூக்கி எறிய வேண்டிய நிரலை எழுதாமலே தப்பிக்க இதைவிடச் சுருக்கமான வழி எனக்குத் தெரியாது.

தப்பிக்கத்தான் வேண்டியிருந்தது. இரண்டாம் நாளே பார்த்தோம்: வண்டிக்காரர் ஒவ்வொரு வீட்டுக்கும் 'முடிந்தது' என்று அழுத்துவார் என்பது எங்கள் ஏற்பாடு, அவரோ சுற்று முடிந்து டீக்கடையில் உட்கார்ந்து, பதினெட்டு வீட்டையும் வரிசையாக ஒரே மூச்சில் அழுத்தினார். அவரைக் குறை சொல்ல இடமில்லை. ஒரு வீட்டுக்கு ஒருமுறை கையைத் துடைத்து, போனை எடுத்து, பூட்டைத் திறந்து அழுத்துவது என்பது அவருக்குப் பதினெட்டு தடங்கல்கள், அதனால் அவருக்குக் கிடைப்பது எதுவுமில்லை. தாளில் வைத்துச் சோதித்தபோது இது வெளிப்படவே இல்லை, ஏனென்றால் அங்கே அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், தோளில் கேன் இல்லை. வீட்டுக்கொரு பொத்தானை எடுத்துவிட்டு, தெருவுக்கொரு பொத்தான் வைத்தோம். தெருமுனையில் வண்டியை நிறுத்தும்போது ஒரே ஒருமுறை அழுத்தினால் போதும். பூட்டிய வீடு இருந்தால் மட்டும் தனியாக இன்னொன்று. அந்த ஒருமுறையை அவர் மறக்கவில்லை, ஏனென்றால் செய்தி போன தெருவில் காலி கேன்கள் வாசலுக்கு வந்துவிட்டிருந்தன, மாடியேறிக் கதவைத் தட்டிக் காத்திருக்கும் வேலை அவருக்குக் குறைந்தது.

மூன்றாம் வாரத்தில் மறுபடியும் இரண்டு காலைகள் அதே ஸ்டூலில் உட்கார்ந்து கோடு போட்டோம். மொத்தம் 49 அழைப்புகள். எப்ப வரும் என்பவை 8. இரண்டு நாள் கணக்கு என்பதால் இதை வைத்துப் பெரிதாக எதுவும் நிரூபிக்க முடியாது. மழை பெய்த வாரத்தில் தண்ணீர்த் தேவையே குறைந்திருக்கலாம். ஆனால் புதிய ஆர்டர்கள் 31க்கு 33 என்று ஏறத்தாழ அதே அளவில் இருந்ததால், அழைப்பு குறைந்ததற்கு ஆர்டர் குறைந்தது காரணமல்ல என்றாவது சொல்ல முடிந்தது. இடையில் ஒரு புதிய சிக்கலும் முளைத்தது. கையால் அனுப்புவதை விட்டு, தெருவாரியாக வாட்ஸாப் பிராட்காஸ்ட் பட்டியல் போட்டபோது, ஆர்டர் கொடுக்காதவர்களுக்கும் செய்தி போயிற்று. அவர்கள் வண்டியைப் பார்த்ததும் "அப்படியே ரெண்டு போட்டுட்டுப் போங்க" என்றார்கள். கடைசித் தெருவுக்கு வரும்போது வண்டியில் கேன் இல்லை. அண்ணாச்சி இதற்கு எங்களைக் கேட்காமலே தீர்வு கண்டார்: ஆறு கேன் கூடுதலாக ஏற்றி அனுப்பினார். கடையின் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைக்காதவர்களுக்குப் பிராட்காஸ்ட் செய்தி போகாது என்பதையும் இந்தக் கட்டத்தில்தான் தெரிந்துகொண்டோம். அத்தகைய வீடுகள் சிலவற்றிலிருந்து பழைய அழைப்புகள் தொடர்ந்தன.

போர்ட்ஃபோலியோவில் இதை எழுதியபோது, நல்ல திரைகளை மட்டும் வைக்க வேண்டும் என்ற பழைய ஆசை மறுபடி தலைதூக்கியது. அச்சில் ஒப்புதல் பெற்ற இறுதிப் படிதான் வேலை, மற்றதெல்லாம் குப்பைக்கூடை. இங்கே நான் முதலில் வைத்தது, கடைக்குப் போவதற்கு முன் நாங்கள் வரைந்த அந்த இரண்டு தாள்களின் புகைப்படம். அடுத்து கோடு போட்ட தாள், பிறகு "புறப்பட்டது" என்ற செய்தியும் அது ஏன் நீக்கப்பட்டது என்பதும், டீக்கடைச் சம்பவம், கடைசியாக ஒரே ஒரு திரை. யார் எதைச் செய்தோம் என்பதையும் எழுதினோம். இருவர் சேர்ந்து செய்த திட்டத்தை இருவரும் தனித்தனியே முழுமையாகத் தன்னுடையது என்று காட்டினால், ஒரே ஊரில் இரண்டு நேர்காணல்களில் அது வெளிப்பட்டுவிடும்.

பெருங்குடியில் ஒரு நேர்காணலில் இதைக் காட்டியபோது, எதிரில் இருந்தவர் அந்த ஒரே திரையைப் பற்றி இரண்டு நிமிடம்கூடப் பேசவில்லை. டீக்கடையைப் பற்றி இருபது நிமிடம் கேட்டார். கடைசியில், நீங்கள் தீர்க்காமல் விட்டது எது என்றார். காலி கேன் கணக்கு என்றேன். ஒரு வீட்டில் மூன்று காலி கேன் பாக்கி என்று அண்ணாச்சியின் நோட்டு சொல்லும். வீட்டுக்காரர் இரண்டு என்பார். கேனுக்கு வாங்கிய முன்பணத்தில் அது வந்து நிற்கும். வண்டிக்காரரின் திரையில் திரும்ப எடுத்த கேன்களின் எண்ணிக்கைக்கு ஒரு பெட்டி வைத்துப் பார்த்தோம். தெருவுக்கு ஒருமுறை அழுத்துபவரிடம் வீட்டுக்கு ஒருமுறை எண்ணச் சொல்வது பழைய தவறுதான் என்பதால் எடுத்துவிட்டோம். வண்டிக்காரர் எண்ணாமல் யார் எண்ணுவார் என்று அவர் கேட்டார். வாசலில் காலி கேனை வைப்பவரே எண்ணலாம், செய்திக்குப் பதிலாக ஓர் எண்ணை அனுப்பினால் போதும் என்று சொல்லிவிட்டு, அப்படி அனுப்ப அவருக்கு என்ன காரணம் இருக்கிறது என்பதற்கு இன்னும் பதில் இல்லை என்றும் சேர்த்துக்கொண்டேன். அவர் மேசையிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்து என் பக்கம் நகர்த்தினார்.